பங்குப் பக்கத்தில் பி.இ. எண்ணைப் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பங்குச் சந்தைப் பக்கத்தைப் புதிதாகத் திறப்பவர் விலைக்கு அடுத்தபடி பார்ப்பது `P/E`, அதாவது பி.இ. என்ற கட்டத்தை. பங்கின் விலைக்கும் லாபத்துக்கும் உள்ள விகிதம் அது. அதில் 4 என்று இருந்தால் மலிவு, 60 என்று இருந்தால் விலை அதிகம் என்று முடிவு கட்டிவிடுகிறார். அந்த எண் எதை எதால் வகுத்து வந்தது என்று பார்ப்பதில்லை. வகுக்கும் எண்ணைத் தப்பாக எடுத்தால், 3 என்று வரவேண்டிய இடத்தில் 0.3 வரும். அதையும் சில பக்கங்கள் கூசாமல் காட்டும்.

ஒரு நிறுவனத்தின் பி.இ.யை நீங்களே கணக்குப் போட்டுச் சரிபார்க்கும் வரிசை கீழே உள்ளது. பெரும்பாலான படிகளுக்கு டாடா ஸ்டீலின் பழைய கணக்கையே எடுத்துக்கொள்வோம். லாபம் ஏறி, இறங்கி, நஷ்டத்துக்கும் போன நிறுவனம் என்பதால் ஒரே கணக்கில் பல சிக்கல்கள் கண்ணில் படும்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று விஷயம் போதும்: பங்கின் இன்றைய விலை, நிறுவனம் கடைசியாக வெளியிட்ட காலாண்டு ரிசல்ட், ஒரு கால்குலேட்டர்.

ரிசல்ட்டை என்.எஸ்.இ. அல்லது பி.எஸ்.இ. பங்குப் பரிமாற்றகத்தின் தளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடி, பி.டி.எஃப். ஆகவே இறக்கிக்கொள்ளுங்கள். செய்தியில் வரும் "லாபம் 30 சதவீதம் உயர்வு" என்ற வரியை வைத்துக் கணக்குப் போட முடியாது.

ரிசல்ட் தாளின் தலைப்பகுதியில் தொகை லட்சத்தில் உள்ளதா, கோடியில் உள்ளதா என்று போட்டிருக்கும். அதை முதலில் வட்டமிடுங்கள். இதைக் கவனிக்காமல் தொடங்கியவரின் விடை நூறு மடங்கு பிசகும்.

அடுத்து தாளின் கீழ்ப்பகுதியில் `Paid-up equity share capital` என்ற வரியையும், அதன் பக்கத்திலேயே இருக்கும் முகமதிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். முகமதிப்பு என்பது நிறுவனம் ஒரு பங்குக்குக் கணக்கில் குறித்த மதிப்பு, சந்தை விலை அல்ல. மூலதனத்தை முகமதிப்பால் வகுத்தால் மொத்தப் பங்குகளின் எண்ணிக்கை கிடைத்துவிடும். டாடா ஸ்டீலுக்கு மூலதனம் சுமார் 1,222 கோடி ரூபாய். 2022 தொடக்கத்தில் முகமதிப்பு 10 ரூபாய். ஆக, பங்குகள் சுமார் 122 கோடி.

## 2. வகுத்தல் என்ன சொல்கிறது

```
EPS = நிகர லாபம் ÷ பங்குகளின் எண்ணிக்கை
P/E = பங்கின் விலை ÷ EPS
```

இ.பி.எஸ். என்பது ஒரு பங்கின் பேருக்கு ஓராண்டில் விழும் லாபம். பி.இ. 20 என்றால், ஆண்டுக்கு 1 ரூபாய் லாபம் ஈட்டும் துண்டுக்குச் சந்தை 20 ரூபாய் கொடுக்கிறது என்று பொருள்.

"அப்படியானால் 20 வருஷத்தில் போட்ட பணம் திரும்பிவிடும்" என்று சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு. அந்தக் கணக்கு நிற்க வேண்டுமானால் லாபம் 20 வருஷமும் மாறாமல் இருக்க வேண்டும். முழு லாபத்தையும் டிவிடெண்டாகக் கையில் கொடுக்கவும் வேண்டும். இரண்டும் சேர்ந்து நடப்பதை நீங்கள் பார்க்கப்போவதில்லை. வேண்டுமானால் 100-ஐ பி.இ.யால் வகுத்துப் பாருங்கள். 20-க்கு 5 வரும். கொடுக்கும் 100 ரூபாய்க்கு நிறுவனம் 5 ரூபாய் சம்பாதிக்கிறது என்று படிப்பது கொஞ்சம் நேர்மையான வழி. அந்த 5 ரூபாயும் உங்கள் பைக்கு வராது, நிறுவனத்தின் கையில்தான் இருக்கும் என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

மேலே இருக்கும் விலை நொடிக்கு நொடி மாறும்; அதில் யாரும் பொய் சொல்ல முடியாது. கீழே இருக்கும் இ.பி.எஸ். ஆண்டுக்கு நான்கே முறைதான் மாறும். தப்பு நடப்பதெல்லாம் அங்கேதான். அதனால் 3 முதல் 6 வரையுள்ள படிகள் இ.பி.எஸ்.ஸைப் பற்றியவை.

## 3. கடைசி நான்கு காலாண்டைச் சரியாகக் கூட்டுங்கள்

தளங்களில் `TTM` என்று குறித்திருப்பது, கடைசியாக வெளிவந்த நான்கு காலாண்டுகளின் கூட்டுத்தொகை. போன மார்ச்சில் முடிந்த நிதியாண்டின் லாபத்தை டிசம்பர் வரை வைத்துக்கொண்டிருந்தால், அது பழைய கணக்காகிவிடும்.

இங்கே புதியவர்கள் செய்யும் தப்பு இரண்டு. முதலாவது, காலாண்டு இ.பி.எஸ்.ஸை எடுத்து நேராக விலையை வகுத்துவிடுவது. ரிசல்ட் தாளில் இ.பி.எஸ். வரிக்குப் பக்கத்தில் `not annualised` என்று சின்னதாக எழுதியிருப்பார்கள். மூன்று மாதத்துக்கு மட்டுமான தொகை, ஓராண்டுக்கானதல்ல என்று அதற்கு அர்த்தம். அதைப் பார்க்காமல் வகுத்தால் பி.இ. ஏறக்குறைய நான்கு மடங்காகத் தெரியும்.

இரண்டாவது, பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களைக் கூட்டிவிடுவது. தாளில் முதல் கட்டம் இந்தக் காலாண்டு, இரண்டாவது இதற்கு முந்தைய காலாண்டு. மூன்றாவதோ போன ஆண்டின் இதே காலாண்டு. வரிசையாக மூன்று காலாண்டு இருக்கிறது என்று நினைத்துக் கூட்டினால் நடுவில் இரண்டு காலாண்டு காணாமல் போய்விடும்.

நான்கு தாள்களைத் தேடி எடுக்காமலே கூட்ட ஒரு வழி உண்டு. டிசம்பர் காலாண்டுத் தாளில் இந்த ஆண்டின் ஒன்பது மாதம், போன ஆண்டின் ஒன்பது மாதம், போன முழு ஆண்டு ஆகிய மூன்றும் இருக்கும்.

```
TTM = போன முழு ஆண்டு + இந்த ஆண்டின் 9 மாதம் − போன ஆண்டின் 9 மாதம்
```

முழு ஆண்டிலிருந்து பழைய ஒன்பது மாதத்தைக் கழித்தால் மிஞ்சுவது ஜனவரி–மார்ச் காலாண்டு மட்டும். அதோடு புதிய ஒன்பது மாதம் சேர்ந்தால் நான்கு காலாண்டு ஆயிற்று.

டாடா ஸ்டீல் 2022 டிசம்பர் காலாண்டுக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். 2021–22 முழு ஆண்டின் லாபம் 41,749 கோடி ரூபாய். அதில் முதல் ஒன்பது மாதத்தில் வந்தது 31,914 கோடி. 2022–23-ன் மூன்று காலாண்டுகளில் 7,714 கோடி லாபம், 1,297 கோடி லாபம், 2,502 கோடி நஷ்டம். கூட்டினால் 6,509 கோடி.

```
41,749 + 6,509 − 31,914 = 16,344 கோடி ரூபாய்
```

நஷ்டக் காலாண்டைக் கழிக்க மறந்து கூட்டியவர்களுக்கு ஐயாயிரம் கோடி கூடுதலாக வரும். தாளில் நஷ்டத்தைக் கழித்தல் குறி போடாமல் அடைப்புக்குறிக்குள்தான் அச்சிடுவார்கள். (2,502) என்று இருந்தால் அது நஷ்டம்.

ஜூன், செப்டம்பர் தாள்களிலும் இதே சூத்திரம்தான். ஒன்பது மாதத்துக்குப் பதில் மூன்று மாதம், ஆறு மாதம் என்று போட்டுக்கொள்ளலாம். மார்ச் காலாண்டுத் தாளில் முழு ஆண்டுக் கட்டமே விடை. ஜூன், செப்டம்பர், டிசம்பர் காலாண்டுகளின் ரிசல்ட்டுக்குக் காலாண்டு முடிந்து 45 நாளும், ஆண்டுக் கணக்குக்கு 60 நாளும் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி அவகாசம் தருகிறது. ஆக மே மாத நடுவில், ஒரு தளம் காட்டும் எண்ணில் மார்ச் காலாண்டு சேர்ந்திருக்கிறதா என்று தேதி பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

## 4. எந்தக் கணக்கு என்று பாருங்கள்

ஒரே நிறுவனம் இரண்டு ரிசல்ட் வெளியிடும். `Standalone` என்பது தாய் நிறுவனம் மட்டும். `Consolidated` என்பது துணை நிறுவனங்களையும் சேர்த்த மொத்தக் குடும்பக் கணக்கு. நீங்கள் வாங்கும் பங்கு அந்தக் குடும்பம் முழுவதிலும் பங்குதான். அதனால் கன்சாலிடேட்டட் கணக்கையே எடுங்கள். மேலே டாடா ஸ்டீலுக்குப் போட்டதும் அதுதான். அந்த நிறுவனத்தின் ஐரோப்பிய ஆலைகளின் நஷ்டம் ஸ்டாண்டலோன் கணக்கில் அப்படியே தெரியாது.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்கு நிஃப்டியே சாட்சி. நிஃப்டி 50 குறியீட்டின் பி.இ.யை என்.எஸ்.இ. நெடுநாள் ஸ்டாண்டலோன் லாபத்தை வைத்துக் கணக்கிட்டு வந்தது. 2021 மார்ச் 31 முதல் கன்சாலிடேட்டடுக்கு மாறியது. முந்தைய நாள் 40-க்கு மேல் இருந்த எண் அன்று 33 பக்கம் வந்து நின்றது. சந்தை அப்படி ஒன்றும் விழவில்லை. வகுக்கும் எண் மாறியது, அவ்வளவுதான். இருபது வருஷத்து நிஃப்டி பி.இ. வரைபடத்தைக் காட்டி "சராசரியைவிடக் கீழே இருக்கிறது" என்று யாராவது சொன்னால், அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் ஒரே கணக்குமுறையா என்று கேளுங்கள்.

இங்கே இன்னொரு நுணுக்கமும் உண்டு. துணை நிறுவனத்தில் வெளியார் பங்கு இருந்தால், மொத்த லாபத்தில் அவர்களுக்கு உரியதைக் கழித்துவிட்டுத்தான் ரிசல்ட் தாளில் இ.பி.எஸ். போடுவார்கள். அதனால் நாம் கையால் வகுத்து வரும் எண்ணும் தாளில் உள்ள இ.பி.எஸ்.ஸும் சற்று விலகும். 2021–22-க்கு நம் கணக்கு 41,749 ÷ 122.2 = சுமார் 342 ரூபாய் தரும்; தாளில் இருந்தது 332 பக்கம். இந்த அளவு இடைவெளியைப் பார்த்துக் கலங்க வேண்டாம். துல்லியம் வேண்டுமென்றால் தாளில் உள்ள `Owners of the Company` வரியை எடுத்து வகுக்கலாம்.

## 5. ஒரே ஒரு முறை வந்த லாபத்தைப் பிரித்தெடுங்கள்

நிலம் விற்ற பணம், ஒரு தொழிலைப் பிரித்துக் கொடுத்ததில் வந்த கணக்கு லாபம் போன்றவை அடுத்த ஆண்டு வராது. ஆனால் அவை நிகர லாபத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, நான்கு காலாண்டுக்கு இ.பி.எஸ்.ஸை ஊதிப் பெரிதாக்கும். பி.இ. குறைந்து, பங்கு திடீரென்று மலிவாகிவிட்டது போலத் தெரியும்.

ஐ.டி.சி.யில் இது நடந்தது. அந்த நிறுவனம் தன் ஹோட்டல் தொழிலை 2025 ஜனவரி 1 முதல் தனி நிறுவனமாகப் பிரித்தது. மார்ச் காலாண்டுக் கணக்கில் அதற்காக 15,000 கோடி ரூபாய்க்கு மேல் லாபமாகப் பதிவானது. கணக்குமுறைப்படி பதிய வேண்டிய தொகைதான்; சிகரெட்டோ ஆட்டா மாவோ விற்று வந்த காசு அல்ல.

ஐ.டி.சி.க்குப் பங்குகள் சுமார் 1,250 கோடி. 15,000-ஐ 1,250-ஆல் வகுத்தால் 12. ஒரு பங்குக்கு 12 ரூபாய் இப்படி ஒட்டிக்கொண்டது. 2024–25 இ.பி.எஸ். 28 ரூபாய்க்கு அருகில் தெரிந்தது. அந்த 12-ஐக் கழித்தால் மிஞ்சுவது 16. விலை 420 என்று வைத்தால், முதல் எண்ணுக்கு பி.இ. 15, இரண்டாவதற்கு 26. ஒரே நாள், ஒரே பங்கு.

இதைக் கண்டுபிடிக்க ரிசல்ட் தாளில் மூன்று வரிகளைப் பாருங்கள்: `Exceptional Items`, `Discontinued Operations`, `Other Income`. முதல் இரண்டில் பெரிய தொகை இருந்தால் தாளின் அடிக்குறிப்புகளில் காரணம் எழுதியிருப்பார்கள். மூன்றாவதில் போன ஆண்டைவிட திடுக்கென்று எகிறியிருந்தால் சந்தேகப்படுங்கள். ஒரு முறை வந்த நஷ்டத்துக்கும் இதே முறைதான். அங்கே கழிப்பதற்குப் பதில் கூட்ட வேண்டும், அவ்வளவே. ஆனால் வருஷா வருஷம் "ஒரு முறை" நஷ்டம் காட்டும் நிறுவனத்துக்கு அந்தச் சலுகையைக் கொடுக்காதீர்கள்.

## 6. பங்கு பிரிந்திருந்தால் இரண்டு பக்கமும் பிரிக்க வேண்டும்

2022 ஜூலை 28 அன்று டாடா ஸ்டீல் பங்கு ஒன்றுக்குப் பத்தாகப் பிரிந்தது. முகமதிப்பு 10 ரூபாயிலிருந்து 1 ரூபாய் ஆனது. முந்தைய நாள் 950 பக்கம் இருந்த விலை அன்று காலை 100 ரூபாயைச் சுற்றி வர்த்தகமானது. விலையைப் பரிமாற்றகம் உடனே சரிசெய்துவிடும். இ.பி.எஸ்.ஸைச் சரிசெய்வது தளத்துக்குத் தளம் வேறுபடும்.

அப்போதைய நான்கு காலாண்டு லாபம் 39,695 கோடி. பழைய 122.2 கோடிப் பங்குக்கு வகுத்தால் இ.பி.எஸ். 325 ரூபாய். புதிய விலை 100-ஐப் பழைய 325-ஆல் வகுத்தால் பி.இ. 0.3! சரியான வழி, பங்கு எண்ணிக்கையை 1,222 கோடி என்று எடுப்பது. அப்போது இ.பி.எஸ். 32.5, பி.இ. 3.1.

0.3 என்றால் யாருக்கும் சந்தேகம் வந்துவிடும். வைத்திருக்கும் ஒவ்வொரு பங்குக்கும் இன்னொரு பங்கை இலவசமாக, ஒன்றுக்கு ஒன்று போனஸாகக் கொடுத்த இடத்தில்தான் ஆபத்து. 24 இருக்க வேண்டிய பி.இ. 12 என்று தெரியும்; அது நம்பும்படி இருக்கும். ஆகவே பி.இ. ஒரே நாளில் பாதியாகக் குறைந்திருந்தால் முதலில் அந்த நிறுவனத்தின் `Corporate Actions` பட்டியலைத் திறந்து, சமீபத்தில் பிரிப்போ போனஸோ இருந்ததா என்று பாருங்கள்.

## 7. இப்போது எண்ணைப் படியுங்கள்: குறைவு என்றால் மலிவா?

கணக்கைச் சரிசெய்தாயிற்று. இனித்தான் அர்த்தம். டாடா ஸ்டீலைப் பிரித்த பங்குக் கணக்கில், ஓராண்டு இடைவெளியில் பார்ப்போம்.

2022 மே தொடக்கத்தில் 2021–22 ரிசல்ட் வந்தபோது விலை, பிரித்த கணக்கில், சுமார் 130 ரூபாய். லாபம் 41,749 கோடி, பங்குக்கு 34 ரூபாய். பி.இ. 3.8. பார்த்தவர் எவருக்கும் கை அரிக்கும்.

ஓராண்டு கழித்து, 2023 மே மாதம் வந்த ரிசல்ட்டில் ஆண்டு லாபம் 8,075 கோடி, பங்குக்கு 6.6 ரூபாய். விலை 105–110. பி.இ. 16.

விலை குறைந்தது, பி.இ. நான்கு மடங்காக ஏறியது. முதலில் மலிவாகத் தெரிந்த இடத்தில் வாங்கியவருக்கு ஓராண்டில் நஷ்டம். 3.8 என்ற எண்ணில் கணக்குப் பிழை எதுவும் இல்லை. உலகெங்கும் இரும்பு விலை உச்சத்தில் இருந்த ஓர் ஆண்டின் லாபத்தால் வகுத்த எண் அது. அந்த லாபம் நிற்காது என்று சந்தைக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அதற்கு நான்கு மடங்குகூடக் கொடுக்கவில்லை.

இரும்பு, அலுமினியம், சர்க்கரை, சிமென்ட், ரசாயனம் என்று விற்பனை விலை சந்தையோடு ஏறி இறங்கும் தொழில்களில் பி.இ. தலைகீழாக வேலை செய்யும். லாபம் உச்சத்தில் இருக்கும்போது குறைவாகவும், லாபம் அடிமட்டத்தில் இருக்கும்போது பயமுறுத்தும் அளவு அதிகமாகவும் தெரியும். இப்படிப்பட்ட பங்குக்குக் கடைசி ஏழெட்டு ஆண்டு இ.பி.எஸ்.ஸை எழுதி, அதன் சராசரியால் இன்றைய விலையை வகுத்துப் பாருங்கள். நல்ல ஆண்டும் கெட்ட ஆண்டும் அதில் சேர்ந்துவிடும். நடுவில் பங்கு பிரிந்திருந்தால் பழைய ஆண்டுகளையும் புதிய எண்ணிக்கைக்கு மாற்றிவிட்டுத்தான் சராசரி எடுக்க வேண்டும்.

சோப்பு, பற்பசை விற்கும் நிறுவனங்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. அங்கே லாபம் மெதுவாக நகரும், பி.இ. ஒருவித நிலையான அளவில் ஊசலாடும்.

## 8. எதோடு ஒப்பிடுவது

அதே நிறுவனத்தின் பழைய பி.இ.யோடு முதலில், அதே தொழிலில் உள்ள இன்னொரு நிறுவனத்தோடு அடுத்து. இரண்டுக்கும் 3 முதல் 6 வரையுள்ள படிகளை ஒரே மாதிரி செய்திருக்க வேண்டும். ஒன்றுக்கு ஸ்டாண்டலோன், இன்னொன்றுக்கு கன்சாலிடேட்டட் என்று எடுத்தால் ஒப்பீடு கிடையாது.

இரும்பு ஆலையின் 8-ஐயும் பற்பசை நிறுவனத்தின் 50-ஐயும் பக்கத்தில் வைத்து எது மலிவு என்று கேட்பதில் பயனில்லை. ஒன்றின் லாபம் அடுத்த ஆண்டு பாதியாகலாம்; மற்றதன் லாபம் பத்து ஆண்டு கழித்தும் இருக்கும் என்று சந்தை நம்புகிறது. அந்த நம்பிக்கைக்கும் சேர்த்துத்தான் விலை. வங்கிகளைப் பார்க்கும்போது பி.இ.யோடு, சொத்திலிருந்து கடனைக் கழித்து மிஞ்சும் புத்தக மதிப்பையும் எடுத்துக்கொள்வது வழக்கம். வாராக்கடனுக்கு ஒதுக்கும் தொகை ஒரு காலாண்டு கூடினால் லாபம் சட்டென்று சுருங்கிவிடும் என்பதே காரணம்.

சில ஆய்வறிக்கைகளில் `Forward P/E` என்று இருக்கும். அதில் வகுப்பது வரப்போகும் ஆண்டின் லாப மதிப்பீட்டால். அந்த மதிப்பீட்டைத் தருபவர் ஒரு ஆய்வாளர். அதை நடந்து முடிந்த லாபத்தின் பி.இ.யோடு ஒப்பிட்டால் வழக்கமாகக் குறைவாகத்தான் தெரியும், ஏனென்றால் லாபம் வளரும் என்று வைத்துத்தான் பெரும்பாலும் மதிப்பிடுகிறார்கள்.

## 9. கட்டம் காலியாக இருந்தால்

`P/E` இடத்தில் ஒரு கோடு மட்டும் இருக்கலாம், அல்லது கழித்தல் குறியோடு எண் இருக்கலாம். நான்கு காலாண்டும் சேர்ந்து நஷ்டம் என்று அர்த்தம். டாடா ஸ்டீல் 2023–24-ல் 4,910 கோடி ரூபாய் நஷ்டம் காட்டியது. அந்தக் கணக்குக்கு பி.இ. என்று ஒன்று கிடையாது. −30 என்று ஒரு தளம் காட்டினால் அது −10-ஐவிட மலிவும் அல்ல, விலை கூடியதும் அல்ல. நஷ்டம் குறையக் குறைய அந்த எண் பெரிதாகிக்கொண்டே போகும் என்பதால் வரிசைப்படுத்திப் பார்ப்பதுகூடத் தப்பான வழியைக் காட்டும்.

பி.இ. குறைந்ததிலிருந்து கூடியது என்று வடிகட்டிப் பட்டியல் எடுக்கும்போது இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். `P/E < 15` என்று மட்டும் கொடுத்தால், கழித்தல் எண் 15-ஐவிடச் சிறியது என்று எடுத்துக்கொண்டு நஷ்ட நிறுவனங்களைப் பட்டியலின் தலையிலேயே கொண்டுவந்து வைக்கும் தளங்கள் உண்டு. `P/E > 0` என்ற நிபந்தனையையும் சேர்த்துக் கொடுத்தால் அவை விலகிவிடும். மிச்சம் இருப்பவற்றில் மிகக் குறைந்த பத்தை எடுத்து, ஒவ்வொன்றின் ரிசல்ட் தாளையும் திறந்து மூன்றாம் படியிலிருந்து தொடங்குங்கள்.